பபுன்யா பலகைகளை வைத்திருக்கும் கலைக்கூடங்களுக்கு

அன்புள்ள கலைக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனப் புள்ளி ஓவியங்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றில் 1971, 72-இல் பபுன்யா என்ற பழங்குடி மக்களின் குடியிருப்பில் தீட்டிய முதல் பலகைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரகசியச் சின்னங்களை வெளியாரிடமிருந்து மறைக்கவே புள்ளிகள் வந்தன என்று பல கூடங்களில் விளக்கம் சொல்கிறார்கள். பின்னால் வந்த ஓவியங்கள் சிலவற்றுக்கு அது சரி. முதல் பலகைகளில் நிலைமை வேறு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே இருக்கும் அந்தக் குடியிருப்பில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் பெயின்ட் வாங்கிக் கொடுக்க, பெரியவர்கள் கிடைத்த பலகைத் துண்டுகளில் தீட்டினார்கள். அவர்கள் தீட்டிய இடத்தில் ஆண்கள் மட்டுமே கூடினார்கள். அதனால் சடங்கு அலங்காரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், கயிற்றில் கட்டிச் சுழற்றினால் உறுமும் புனித மரத்தகடு எல்லாம் சில பலகைகளில் வெளிப்படையாகவே இருக்கின்றன. வாங்குபவர்கள் தூரத்து வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு இதைப் படிக்கத் தெரியாது.

ஆனால் படங்கள் தீட்டியவர்களின் பகுதிக்கே திரும்பி வரும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? பிட்ஜன்ட்ஜாரா போன்ற அண்டை மக்கள் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்கள். அப்புறம்தான் சடங்குப் பொருள்கள் ஓவியத்திலிருந்து விலகின, புள்ளிகள் பரவின, எல்லோரும் கேட்கலாம் என்ற அளவுக்கான கதை மட்டும் மிஞ்சியது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பலகையைப் பார்க்கக் கூடாதவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அயல்நாட்டுப் பார்வையாளர் அல்லர். அந்த மக்களின் பெண்களும் தீட்சை பெறாத பையன்களும்தான். ஆகவே நியூயார்க்கில் சுவரில் தொங்குவதைவிட, அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் போடுவது பெரிய தவறாகிவிடலாம். பபுன்யாவில் ஒரு சிறுமியின் கைபேசிக்கும் அது போய்விடும்.

2009-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அருங்காட்சியகம் இத்தகைய பலகைகளைக் காட்சிக்கு வைத்தது. பிரச்சினைக்குரிய படங்களைக் கண்காட்சி நூலில் சேர்க்காமல் தனி இணைப்பாக அச்சிட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போன பிரதிகளில் அந்த இணைப்பு கிடையாது. யார் கண்ணில் படும் என்று யோசித்துச் செய்த வேலை அது.

உங்களிடம் நான் கேட்பதும் அதுபோன்றதுதான். மொத்தத் தொகுப்புக்கும் ஒரே அனுமதி வாங்காமல், ஒவ்வொரு பலகையையும் அது சொல்லும் கதைக்கு உரிமையுள்ள குடும்பத்துப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். தொங்கவிடலாமா, படம் அச்சிடலாமா, கதையை எழுதலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி சொன்னவர் அடுத்ததற்கு மறுக்கலாம். வரைந்தவர் இறந்துவிட்டால் அவருடைய பழைய சம்மதத்தை வைத்துக்கொண்டு இருக்காமல் மறுபடி போங்கள். பதில் வரும்வரை அந்தப் படங்களை இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
இந்த ஓவியங்களை நேசிக்கும் ஒரு பார்வையாளர்