செந்திலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செந்தில்,

சனிக்கிழமை ராத்திரி பேசும்போது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கம் என்றாய், சரி. மதுவிலக்கு உள்ள ஊரில் வேலை கிடைத்ததே என்று முதலில் எனக்கு நிம்மதிதான். குஜராத்தில் பெண்கள் ராத்திரி பயமில்லாமல் நடமாடுகிறார்கள் என்று நீயே சொன்னாய். பெரியமாமா வீட்டில் நடந்ததெல்லாம் பார்த்தவள் நான், கடையை மூடு என்று கேட்கிற பெண்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் 2022 ஜூலையில் உங்கள் பக்கத்து பொட்டாட் மாவட்டத்தில் நடந்ததை யோசி. அகமதாபாத் கம்பெனி ஒன்றிலிருந்து மெத்தனால் திருடிப்போய், தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். 40 பேருக்கு மேல் செத்தார்கள். வெல்லம் ஊறவைத்துச் சாராயம் காய்ச்சினால் நாளாகும், வாசனையும் புகையும் காட்டிக்கொடுக்கும். போலீஸ் கெடுபிடி அதிகமாக ஆக, அடுப்பே வேண்டாத மெத்தனால்தான் விற்பவனுக்கு வசதி. காசுள்ளவனுக்கு டாக்டர் சீட்டோடு பர்மிட் கிடைக்கும், இல்லாதவனுக்கு அந்தப் பாக்கெட்தான். கடை திறந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் டாஸ்மாக் திறந்துதானே இருந்தது? பாக்கெட் மலிவு என்று வாங்கி 60 பேருக்கு மேல் போனார்கள்.

உன் ரூமில் இருக்கிற பையன்களுக்கு இதைச் சொல். மெத்தனால் வாசனையிலோ ருசியிலோ தெரியாது. குடித்தவுடன் சாதாரணப் போதைதான். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் எடுக்கும். அதனால் பெரும்பாலும் மறுநாள்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குவது, கண்முன்னே பனி மூடினது போல மங்கல் எல்லாம் வரும். அந்த மங்கலை ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுத்துவிடக் கூடாது. சீக்கிரம் போனால் ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து கொடுத்து, டயாலிசிஸ் செய்து காப்பாற்ற முடியும். இத்தனை வருஷம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், என்ன குடித்தான் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. குடித்ததே குற்றம் என்கிற ஊரில் போலீஸுக்குப் பயந்து அதைத்தான் மறைப்பார்கள். மாமாவை நினைத்துக்கொள்.

கேஸ் வந்தால் வக்கீல் வைக்கலாம், வேலை போனால் இன்னொன்று தேடலாம். கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். யாராக இருந்தாலும்.

நீ சீனியர் ஆனதை மேலத்தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் பத்து நிமிஷம் பேச உனக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய், ராத்திரி வேண்டாம்.

அம்மா