கும்ப லக்னத்துக்கு யார் அதிபதி?

வெள்ளவத்தை

அன்பின் குகன்,

பதில் போடாமல் இருந்ததற்கு ஏச்சு வாங்க நான் தயார். இங்கே எல்லாரும் சுகம். மழை, கரண்ட், விலைவாசி எல்லாம் நீ பேப்பரில் பார்த்திருப்பாய், அதைத் திருப்பி எழுத மனமில்லை. மகேசுக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருக்காம். ஆனாலும் கொத்துரொட்டியை விடமாட்டான், உனக்குத் தெரியாததா.

இப்ப எழுத வைத்தது அவனுடைய மகளின் சாதகம்தான். பிள்ளை இன்டர்நெட்டில் மேலைநாட்டு முறைப்படி கணித்துப் பார்த்துவிட்டு, "என்ர லக்னாதிபதி யுரேனஸ், அதுவும் சொந்த வீட்டில, லக்னத்திலயே" என்று துள்ளுகிறாள். தகப்பனோ, "எங்கட குறிப்பில சனிதான், அதுவும் மூன்றாம் வீட்டில" என்று முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறான். நீ யுரேனஸ் கட்சி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விபரம் இது. 1997 யூன் 15, கொழும்பு, இரவு 10 மணி. மேலைநாட்டார் பாவிக்கும் சாயன முறையில் லக்னம் கும்பம் 9 பாகை. யுரேனஸ் கும்பம் 8 பாகையில் வக்கிரம். வியாழனும் கும்பத்தில்தான், 22ஆம் பாகைக்குக் கிட்ட. சனி மேஷத்தில் 18 பாகை. ஒரே நேரம், ஒரே வானம். அதிபதியை மாற்றினால் சாதகமே தலைகீழாகிறது. யுரேனஸை அதிபதியாக எடுத்தால் ஆட்சி பெற்ற லக்னாதிபதி லக்னத்திலேயே இருக்கிறார், இதைவிட என்ன வேண்டும்! சனியை எடுத்தால் லக்னாதிபதி நீசம், மூன்றாம் வீடு, அதிலும் இரவுப் பிறப்பு. இரவுப் பிறப்பில் சனியின் கடுமை கூடும் என்பது பழைய கிரேக்க மரபு. அப்பனுக்கும் மகளுக்கும் சண்டை வராமல் என்ன செய்யும்?

முதலில் மணிக்கூட்டைப் பார்ப்பம். 1996 மேயில் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பி எடுத்தார்கள். 2006 ஏப்ரல் வரை நாங்கள் கிரீன்விச்சுக்கு 6 மணித்தியாலம் முன்னுக்கு நின்றோம். இந்தப் பத்து வருஷத்துக்குள் பிறந்த பிள்ளைக்குப் பழக்கதோஷத்தில் ஐந்தரை என்று போட்டால் லக்னம் ஏழெட்டுப் பாகை நகரும். இந்தப் பிள்ளைக்கு அது கும்பம் 17 பாகை என்று வரும், யுரேனஸ் லக்னப் புள்ளியை விட்டு விலகிவிடும். அதே இரவு பதினொன்றேகாலுக்குப் பிறந்த பிள்ளையாயிருந்தால் லக்னம் மீனத்துக்கே ஓடி, வியாழனா நெப்டியூனா என்று வேறொரு சண்டை தொடங்கியிருக்கும். மகேசின் மகள் ஆறு என்றுதான் போட்டிருந்தாள். கெட்டிக்காரி.

இனி உன் கட்சிக்கு வருகிறேன். 1996இலிருந்து 2003 வரை யுரேனஸ் கும்பத்தில் இருந்தது. அதற்கு 12 ராசியையும் சுற்ற 84 வருஷம், ஒரு ராசிக்கு ஏழு வருஷம். அப்ப இந்தக் காலத்தில் கும்ப லக்னத்தில் பிறந்த எல்லாருக்கும், அது கொழும்பென்றாலும் லண்டன் என்றாலும், லக்னாதிபதி ஆட்சி, லக்னத்தில்! ராசியையே வீடாக எடுத்தால் வீடுகூட மாறாது. விருச்சிகத்துக்குப் புளூட்டோவை வைத்தாலும் இதே கதைதான். 1984இலிருந்து 1995 வரை புளூட்டோ விருச்சிகத்தில் கிடந்தது. பத்து வருஷத்துக்கு மேலாகப் பிறந்த விருச்சிக லக்னக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே அதிபதி, ஒரே இடம். லக்னாதிபதி என்பது ஒருத்தனை மற்றவனிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டியது. அதே வருஷங்களில் செவ்வாய் எத்தனை ராசி ஓடியிருக்கும் என்று யோசித்துப் பார்.

இன்னொன்று. பழைய ஒழுங்கு சும்மா பங்கு பிரித்ததில்லை. கடகம் சந்திரனுக்கு, சிம்மம் சூரியனுக்கு. அங்கிருந்து இரண்டு பக்கமும் புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன் என்று வேகம் குறையக் குறைய ஆளுக்கு இரண்டு வீடு, கடைசியில் எதிர்ப்பக்கத்தில் மகரமும் கும்பமும் சனிக்கு. 1781இல் யுரேனஸ், 1846இல் நெப்டியூன், 1930இல் புளூட்டோ வந்த பிறகு சனியிடம் கும்பத்தையும், வியாழனிடம் மீனத்தையும், செவ்வாயிடம் விருச்சிகத்தையும் பறித்தால், புதனும் சுக்கிரனும் மட்டும் ஏன் இரண்டு வீட்டை வைத்திருக்க வேண்டும்? உன்னிடம் எப்போதோ கேட்டேன், இன்னும் மறுமொழி இல்லை. எங்கட ஆட்களும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஜைமினி முறையில் கும்பத்துக்கு ராகுவும் விருச்சிகத்துக்குக் கேதுவும் கூட்டு அதிபதிகள். ஆனால் அங்கே செவ்வாயையும் சனியையும் வீட்டை விட்டு எழுப்பவில்லை.

மகேசுக்கு நான் காட்டியது இதுதான், அவன் சந்தோஷப்பட்டான். சாயனத்திலிருந்து எங்கட நிராயன முறைக்கு வர ஏறக்குறைய 24 பாகை கழித்துப் பார். லக்னம் மகரம் 15க்கு வருகிறது, சனி மீனத்துக்கு வருகிறார். மகரத்துக்கும் சனிதான் அதிபதி, மகரத்திலிருந்து மீனமும் மூன்றாம் வீடு! வெள்ளைக்காரன் கணக்கும் எங்கட சாத்திரி சின்னத்துரை ஐயாவின் கணக்கும் ஒரே அதிபதியை ஒரே வீட்டில் காட்டுகிறது. நீசம் மட்டும் நிராயனத்தில் இல்லை. யுரேனஸை வைத்தால் இந்த ஒற்றுமை அறுந்து போகும்.

அதற்காக யுரேனஸை நான் தூக்கி எறியவில்லை, கோபப்படாதே. அது லக்னப் பாகைக்கு ஒன்றரைப் பாகைக்குள் நிற்கிறது. அந்தப் பிள்ளை திடீரென்று வேலையை விடுவதும், தலைமயிரை ஒட்ட வெட்டுவதும், யாரும் எதிர்பாராத பக்கம் திரும்புவதும் அதனால்தான் என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்தப் பலம் அது வாசலில் நிற்பதால் வருகிறது, வீட்டு உறுதி அதன் பெயரில் இருப்பதால் அல்ல. கும்ப லக்னமே இல்லாத சாதகத்திலும் லக்னப் பாகையில் யுரேனஸ் நின்றால் இதே பலனைத்தான் சொல்வாய். லக்னத்துக்கோ பத்தாமிடத்து உச்சிக்கோ சூரிய சந்திரருக்கோ மூன்று நான்கு பாகைக்குள் வந்தால் மட்டும் வெளிக்கிரகங்களுக்குக் குரல் கொடு. அதைத் தாண்டினால் அது அவளுடைய வகுப்பில் படித்த எல்லாருக்கும் பொது.

நேரக் கணக்குக்கும் சனிதான் உதவும். வயதுக்கு ஒரு வீடு நகர்த்தும் முறையில் 24 வயது திரும்ப முதலாம் வீடு, அந்த வருஷத்துக்கு அதிபதி சனி. அவளுக்கு 24 தொடங்கியது 2021 யூனில். அந்த வருஷம் சனி, சாயனக் கும்பத்தில் முன்னும் பின்னுமாக ஓடி, அவளுடைய லக்னப் பாகையை மூன்று தடவை கடந்தது. அதில் கடைசி இரண்டும் பிறந்தநாளுக்குப் பிறகு. அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று மகேசிடம் கேள், நான் எழுதமாட்டேன். அடுத்து 2027இல் சனி தன் பிறப்பு இடத்துக்கே திரும்பி வருகிறார். யுரேனஸ் அப்படி வர 84 வயது வரை காத்திருக்க வேண்டும்.

சனி நீசம் என்று மகேஸ் பயப்படுகிறானே, அதற்கு ஒரு வார்த்தை. கும்பத்தில் நிற்கும் வியாழன் அந்தச் சனியை 60 பாகைப் பார்வையில் நாலு பாகைக்குள் தாங்குகிறார். மூன்றாம் வீடு என்றால் எழுத்து, பயணம், சகோதரம். பிள்ளை மொழிபெயர்ப்பு வேலைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மெதுவாகத்தான் ஏறுவாள், ஆனால் ஏறுவாள். கல்யாணப் பேச்சில் இந்தச் சனியை மட்டும் பிடித்துக்கொண்டு பயமுறுத்தினால், மற்றப் பக்கத்துக் குறிப்பின் பிறந்த நேரத்தையும் ஐந்தரையா ஆறா என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மருமகனுக்கு விருச்சிக லக்னம் என்று சொன்னாய், 1989 பிறப்பு என்று நினைக்கிறேன். செவ்வாய் எங்கே என்று பார்த்து எழுது. புளூட்டோ எங்கே என்று எழுதவேண்டாம், அது எனக்குப் பார்க்காமலே தெரியும்.

அன்புடன்,
சிவம்