நெல் வயலில் இல்லாத சிட்டுக்குருவிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று தங்கள் நாளிதழில் அரைப்பக்கத்துக்கு ஒரு வண்ணப்படம் வெளிவந்தது. வளைந்த நெற்கதிர்களில் ஏழு பறவைகள். கீழே, 'வயலுக்குத் திரும்பிய சிட்டுக்குருவிகள்' என்று ஒரு வரி. அந்த ஏழில் ஒன்றுகூட சிட்டுக்குருவி இல்லை. இது ஆசிரியருக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் பார்க்காமல் விட்டிருப்பீர்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அப்புறமும் மனம் ஆறாமல் எழுதுகிறேன்.

நான் மதுராந்தகம் பக்கம் நவரைப் பட்டத்தில் நெல் வைக்கிறவன். மார்ச்சில் எங்கள் கதிர் பால் பிடித்து நிற்கும். அந்த நேரத்தில் கதிரில் தொங்குகிறவை யார், வரப்பில் உட்கார்ந்திருப்பவை யார் என்று பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. நெல்லைக் காப்பாற்ற வேண்டியவனுக்கு அது வேலை.

படத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடது பக்கக் கதிரில் மூன்று பறவைகள். இரண்டுக்கு முகமும் தொண்டையும் செம்பழுப்பு. மார்பிலும் விலாவிலும் வெள்ளையும் பழுப்புமாக மீன் செதில் போல அடுக்கடுக்கான கோலம். அலகு கருஞ்சாம்பல் நிறம், அடியில் தடித்து முக்கோணமாக நெற்றியோடு சேர்கிறது. இவை புள்ளிச் சில்லைகள். செதில் கோலம் போட்ட சிட்டுக்குருவியை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவதுதான் உங்கள் புகைப்படக்காரரை ஏமாற்றியிருக்கும். அதற்குக் கோலம் கிடையாது, உடல் முழுக்க வெறும் பழுப்பு. சிட்டுக்குருவிப் பெட்டை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முதுகைப் பாருங்கள், ஒரு கோடுகூட இல்லை. சிட்டுக்குருவிப் பெட்டையின் முதுகில் கருமையும் வெளிர்பழுப்புமாக நீளக் கோடுகள் ஓடும், இறக்கையில் வெளிறிய பட்டை ஒன்றும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை, அலகும் கருமை. இது சில்லைக் குஞ்சு, இன்னும் பெரிய பறவையின் இறகு முளைக்காதது. குஞ்சு தனியாக இருந்தால் எந்தச் சில்லையின் குஞ்சு என்று சொல்வது கடினம். கருந்தலைச் சில்லையின் குஞ்சும் இப்படித்தான் வெறும் பழுப்பாக இருக்கும். பக்கத்திலேயே செதில் மார்போடு பெரியவை இரண்டு இருப்பதால்தான் புள்ளிச் சில்லைக் குஞ்சு என்று சொல்கிறேன். அதையும் 'பெரும்பாலும்' என்றுதான் சொல்வேன். தங்கள் படவரியில் அந்த அளவு தயக்கம்கூட இல்லை.

வலது பக்கம் இருக்கிற நான்குக்கு வருவோம். இவற்றின் முதுகில் கோடு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இங்கேதான் அலகும் உச்சந்தலையும் கைகொடுக்கும். சிட்டுக்குருவிப் பெட்டையின் உச்சந்தலை கோடில்லாத மங்கலான சாம்பல்பழுப்பு. படத்தில் இருப்பவற்றுக்கு உச்சியிலிருந்து பிடரி வரை கோடுகள் இருக்கின்றன. அலகோ சிட்டுக்குருவியின் அலகைவிடப் பெரியது, கூம்பு வடிவம், வெளிர் கொம்பு நிறம். வாலும் குட்டை. தூக்கணாங்குருவிகள் ஐயா, நான்கும் தூக்கணாங்குருவிகள்.

'மஞ்சள் எங்கே?' என்று கேட்பீர்கள். அந்த மஞ்சள் தலையும் கரும்பழுப்பு முகமும் ஆண் பறவை கூடு கட்டும் காலத்தில் மட்டும் போட்டுக்கொள்கிற உடுப்பு. மழையை ஒட்டிய இனப்பெருக்கக் காலம் முடிந்து இறகு உதிர்ந்ததும் ஆணும் பெட்டையைப் போலப் பழுப்பாகிவிடும். கருத்திருந்த அலகும் வெளுத்துவிடும். அதனால் மார்ச் மாத வயலில் மஞ்சளைத் தேடினால் கிடைப்பது அரிது. மார்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த நான்குக்கும் மார்பில் கோடில்லை. இருந்திருந்தால் நாணல் பக்கம் கூடு கட்டுகிற கீற்றுத் தூக்கணாங்குருவியா என்று யோசித்திருப்பேன்.

எதிர்வெயிலில் எடுத்த படத்தில் அலகின் நிறம் ஏமாற்றும், எல்லாமே கருப்பாகத் தெரியும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு முதுகில் கோடு உண்டா இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லை என்றால் சில்லை. உண்டு என்றால் உச்சந்தலையைப் பார்க்க வேண்டும். சில்லை உருவத்திலும் சிறியது, நான்கு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மற்ற இரண்டும் ஆறு அங்குலம் வரும். ஒரே கதிர் வரிசையில் இரண்டும் உட்கார்ந்திருக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போக வழியே இல்லை.

இது ஒரு நாள் தவறு என்றால் எழுதியிருக்க மாட்டேன். பனைமரத்தில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூட்டைப் போட்டு 'சிட்டுக்குருவி கட்டிய அதிசயக் கூடு' என்று எழுதியதும் தங்கள் நாளிதழ்தான். ஓட்டு இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் வைக்கோலைத் திணித்துக் குடியிருக்கும் குருவி, திடீரென்று பனையேறி நெய்யக் கற்றுக்கொண்டால் அதிசயம்தான். தேன்சிட்டைப் போட்டு ஹம்மிங் பறவை என்றீர்கள். ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே வாழ்வதில்லை. அப்போது நான் எழுதிய கடிதத்தில் வாழ்த்துச் சொன்ன முதல் வரி மட்டும் அச்சேறியது. நன்றி.

எங்களூருக்குப் பக்கத்தில்தான் வேடந்தாங்கல். ஆண்டுதோறும் தங்கள் ஆட்கள் பெரிய கேமராவோடு வருகிறார்கள், கூழைக்கடாவையும் நாரையையும் எடுக்கிறார்கள், போகிறார்கள். போகிற வழியில் வயலில் இருக்கும் சின்னப் பறவைகளுக்குப் பெயர் சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற எண்ணம் போலும்.

எனக்கு அப்படி விட முடியவில்லை. சில்லைகளை வலை போட்டுப் பிடித்து, பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி, கூண்டில் வைத்து விற்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். சாயத்தையும் மீறி அந்தத் தடித்த முக்கோண அலகு காட்டிக்கொடுத்துவிடும், பார்க்கத் தெரிந்தவருக்கு. வயலில் இருப்பதையே சிட்டுக்குருவி என்று படித்துப் பழகியவர் கூண்டில் இருப்பதை எப்படி அடையாளம் காண்பார்?

இன்னொன்று. அதே வாரம் தங்கள் வேளாண் பக்கத்தில் 'நெல்லைத் தின்னும் குருவிகளை விரட்டுவது எப்படி' என்று கட்டுரை. எந்தக் குருவி என்று சொல்லவில்லை. கதிரில் தொங்கிக்கொண்டு பால்நெல்லைக் கொறிக்கிற சில்லை வேறு. கூட்டமாக இறங்கி நெல்லைத் தின்றாலும், குஞ்சு பொரித்தபின் அவற்றுக்கு ஊட்ட வெட்டுக்கிளியையும் புழுவையும் பிடித்துச் செல்கிற தூக்கணாங்குருவி வேறு. மார்ச் 20 அன்று வாழ்த்து, அதே வாரம் விரட்டு. எதை வாழ்த்தினோம், எதை விரட்டினோம் என்று இரு பக்கத்தையும் தயாரித்தவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. படத்தில் இருப்பவை மூன்று சில்லைகள், நான்கு தூக்கணாங்குருவிகள் என்று ஒரு திருத்தம் போடுங்கள், இரண்டு வரி போதும். இனிமேல் வயல் பறவைப் படம் போட்டால் எந்த ஊர், எந்த மாதம் என்று கீழே குறிப்பிடுங்கள். மாதம் தெரிந்தால் மஞ்சள் இல்லாத தூக்கணாங்குருவியை வாசகரே கண்டுகொள்வார். இந்தக் கடிதத்திலும் முதல் வரியை மட்டும் போடுவதாக இருந்தால், தயவுசெய்து அதையும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்