ஃபுல் சிக்னல் காட்டுகிறது என்று சொல்லி என் புகாரை மூடாதீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: மாடி அறையில் வைஃபை வேகம் இல்லை, தீராத புகாரைத் தீர்ந்ததாக மூடியது பற்றி

வணக்கம்.

மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டத்தில் இருக்கிறேன். மாடி அறையில் நெட் இழுக்கிறது என்று நான் கொடுத்த புகாருக்கு உங்கள் ஆள் வந்தார், ரவுட்டரின் வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை மாட்டினார், அதற்கு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே "வாடிக்கையாளர் இடத்தில் முழு சிக்னல் கிடைக்கிறது, புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஒன்றும் தீரவில்லை. ரிப்பீட்டர் இல்லாதபோது மாடியில் இரண்டு கோடு சிக்னலும் 20 எம்பிபிஎஸ் வேகமும் இருந்தன. இப்போது கோடு முழுசாக நிற்கிறது, வேகம் 11. என் மனைவி அந்த அறையில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். பாதி வகுப்பில் படம் உறைந்து நின்றுவிடுகிறது.

நான் டவுன்ஹால் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அதனால் வெறுமனே "ஸ்லோவா இருக்கு" என்று சொல்லாமல், அளந்து பார்த்ததை எழுதுகிறேன். தயவுசெய்து இதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஃபைபரில் குறை இல்லை. ரவுட்டரில் லேன் வயரைச் சொருகி லேப்டாப்பில் பார்த்தால் காலையிலும் ராத்திரியிலும் 94 வருகிறது. ஆக வீட்டு வாசல் வரைக்கும் நீங்கள் சொன்னதைத் தருகிறீர்கள், கோளாறு முழுக்க வைஃபையில்.

ஹாலில் ரவுட்டர் இருக்கிற மேஜைக்கு எதிரே லேப்டாப்பை வைத்து, விண்டோஸில் netsh wlan show interfaces என்று அடித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு வந்தது இது:

```
Radio type             : 802.11n
Channel                : 3
Receive rate (Mbps)    : 144.4
Signal                 : 100%
```

அதே லேப்டாப், அதே இடம், ராத்திரி எட்டு மணி:

```
Radio type             : 802.11n
Channel                : 3
Receive rate (Mbps)    : 39
Signal                 : 100%
```

சிக்னல் இம்மிகூட மாறவில்லை. மேலே Receive rate என்று வருகிற லிங்க் ரேட் மட்டும் 144-லிருந்து 39-க்கு இறங்கிவிட்டது. டவுன்லோடு வேகமும் காலையில் 75, ராத்திரியில் 15. உங்கள் கஸ்டமர் கேரில் எத்தனை பேரிடம் பேசினாலும் "சார், எத்தனை கோடு காட்டுது?" என்றே கேட்கிறார்கள். இரண்டு நேரமும் கோடு முழுசாகத்தான் இருக்கிறது, அதைக் கேட்டு என்ன பயன்?

அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்றால், ரவுட்டரின் அலை நம் கருவிக்கு எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதை மட்டும். ரவுட்டர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நொடிக்குப் பத்து முறைபோல ஒரு சின்ன அறிவிப்பை விட்டுக்கொண்டே இருக்கும், அதற்குப் பீக்கன் என்று பெயர். தூரத்தில் இருக்கிற கருவிக்கும் கேட்கட்டும் என்று அதை ரொம்ப மெதுவான ரேட்டில் அனுப்புவார்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ். அது பலமாகக் கேட்டால் கோடு நிறையும். அலையின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள், எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடுதல். விண்டோஸ் காட்டுகிற சதவீதத்தில் மைனஸ் 50 டிபிஎம்மைத் தொட்டாலே 100 ஆகிவிடும், அதற்கு மேல் எவ்வளவு பலமாக வந்தாலும் அதே 100தான். போனில் கோடு போடும் கணக்கோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

லிங்க் ரேட் வேறு. உண்மையான டேட்டாவை அனுப்பும்போது, ஒவ்வொரு அலைத் துடிப்பிலும் எத்தனை பிட்டை ஏற்றி அனுப்பினால் எதிர்முனை பிழையில்லாமல் பிரித்தெடுக்கும் என்று இரண்டு கருவிகளும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிற ரேட் அது. நீங்கள் கொடுத்திருக்கும் ரவுட்டரில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அது 6.5-லிருந்து 144.4 வரை படிப்படியாக இருக்கிறது. அனுப்பிய பாக்கெட்டுக்கு "வந்தது" என்று பதில் வந்தால் மேல் படிக்கு ஏறும், பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பும், அப்படியும் தவறினால் கீழ்ப் படிக்கு இறங்கும். எந்தப் படியில் நிற்கும் என்பது சிக்னலின் பலத்தை மட்டும் பொறுத்ததல்ல, அந்தச் சிக்னலுக்கும் சுற்றியிருக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்கிறவர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், சுற்றி நாலு குழாய் அலறினால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் புரியும் இல்லையா, அதுதான் இங்கே நடக்கிறது.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஹாலில் சிக்னல் மைனஸ் 45 என்று வையுங்கள், அமைதியான நேரத்தில் இரைச்சல் மைனஸ் 90 பக்கம் இருக்கும், இடைவெளி 45 டெசிபல். மேல் படிக்கு 25 டெசிபல்போல இருந்தால் போதும், ஆகவே காலையில் 144.4 வந்தது. ராத்திரி எல்லா வீட்டிலும் படம் ஓடும். netsh wlan show networks mode=bssid என்று அடித்தால் இடது பக்க வீடு சேனல் 1, வலது பக்கமும் எதிர்வரிசையும் சேனல் 6 என்று வருகிறது. உங்கள் ஆள் எங்கள் ரவுட்டரைச் சேனல் 3-இல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று விழாது. நடுவில் 3-இல் வைத்தால் இரண்டு பக்கத்து அலையும் நம் மேல் வெறும் இரைச்சலாக விழும். ஒரே சேனலில் இருந்தாலாவது ஒரு ரவுட்டர் பேசுவது மற்றதற்குக் கேட்கும், காத்திருந்து பேசும். பாதி மேலே பாதி வெளியே என்று இருந்தால் அந்த மரியாதையும் சரியாக நடக்காது. பக்கத்து வீட்டு அலை மைனஸ் 60-இல் வந்தால் எங்கள் இடைவெளி 15-ஆகச் சுருங்குகிறது, ரேட் 39-க்குப் போகிறது. கோடு அப்போதும் முழுசாகவே நிற்கும், ஏனென்றால் இரைச்சலை அது கணக்கில் எடுப்பதே இல்லை.

சேனலை நானே 11-க்கு மாற்றிவிடுவேன், ஐந்து நிமிட வேலை. ஆனால் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் தரவில்லை. கேட்டால் "பாலிசி சார்" என்கிறார்கள். மாற்றவும் விடாமல், வந்து மாற்றியும் தராமல் வைத்திருப்பது என்ன நியாயம்?

அடுத்தது ரிப்பீட்டர். எனக்கு அதிகக் கோபம் இதில்தான். வந்த தம்பி நல்ல பையன், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாடியில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் அதை மாட்டிவிட்டு, போனைக் காட்டி, "அண்ணே, பாருங்க, ஃபுல்லா வந்துருச்சு" என்றார். வராமல் எப்படி இருக்கும்? ரிப்பீட்டர் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. அந்தக் கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ளதைச் சொல்கிறது. ரிப்பீட்டருக்கும் கீழே இருக்கிற ரவுட்டருக்கும் நடுவில் என்ன நிலைமை என்று அதில் தெரியவே தெரியாது. லேப்டாப்பில் லிங்க் ரேட்டைப் பார்த்தால்கூட 144.4 என்றுதான் வருகிறது, அதுவும் இந்த இரண்டடிக்கு உரியதுதான்.

ரிப்பீட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைப் போட்டு அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ரவுட்டருடன் அதன் லிங்க் ரேட் 26. பக்கத்து வீட்டுத் தொல்லை கலக்கக்கூடாது என்று பகலில்தான் பார்த்தேன். நடுவில் கான்கிரீட் தளம், அதற்கு மேல் இரும்பு பீரோ, வேறு எப்படி வரும்? பீரோவுக்கு முன்னால் மேஜையில் இருக்கும் என் லேப்டாப் ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாக ரவுட்டரைப் பிடித்தபோது 39 வந்தது. நன்றாக இருந்த இணைப்பை எடுத்துவிட்டு மோசமானதை வைத்திருக்கிறீர்கள்.

அது மட்டுமில்லை. இந்த ரிப்பீட்டருக்கு ஒரே ஒரு ரேடியோதான். ரவுட்டரிடம் வாங்குவதும் லேப்டாப்புக்குக் கொடுப்பதும் ஒரே சேனலில், ஒன்று முடிந்து மற்றது. 1 மெகாபிட் டேட்டா 26 ரேட்டில் கீழிருந்து மேலே வர 38 மில்லி நொடி ஆகும், அதையே 144 ரேட்டில் லேப்டாப்புக்குத் தர 7 மில்லி நொடி. இரண்டும் சேர்ந்து 45. அப்படியானால் ஒரு நொடியில் 22 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அதிலும் பதில் சொல்வது, வரிசையில் காத்திருப்பது, திரும்ப அனுப்புவது என்று வைஃபையில் ஏறக்குறைய பாதி நேரம் கழிந்துவிடும். மீதி 11. ஸ்பீடு டெஸ்டில் வருவதும் 11.

இதைப் போனில் சொன்னபோது, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்கும் டூயல் பேண்ட் ரவுட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள், மாத வாடகை கூடும் என்றார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ஹாலில் நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், அங்கே கூட்டமும் குறைவு. ஆனால் அந்த அலை கான்கிரீட் தளத்தைக் கடப்பதில் 2.4-ஐவிட இன்னும் மோசம். மாடி அறைக் குறைக்கு அதை மருந்தாக விற்காதீர்கள்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரைச் சேனல் 11-க்கு மாற்றுங்கள், அல்லது அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ரவுட்டரிலிருந்து மாடி அறைக்கு ஒரு லேன் வயர் இழுத்து, இதே ரிப்பீட்டரை அந்த வயரில் இணைத்து வயரில் வருவதை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போடுங்கள், அதில் லேன் போர்ட்டும் இருக்கிறது, அந்த மோடும் இருக்கிறது. படிக்கட்டு ஓரமாக 15 மீட்டர் வயர் போதும், ஓட்டை போட நான் சம்மதிக்கிறேன். இந்த வேலை முடியாது என்றால் ரிப்பீட்டரை எடுத்துக்கொண்டு 1,800 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் ஆட்கள் புகாரை மூடும் படிவத்தில் "சிக்னல்: முழு" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் லிங்க் ரேட், ரிப்பீட்டர் இருந்தால் ரவுட்டருடன் அதன் லிங்க் ரேட், அதே இடத்தில் ஸ்பீடு டெஸ்ட். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்கள், பகல் பதினொரு மணிக்கு எடுத்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும்.

மூடிய புகாரைத் திறந்து புது எண்ணும் எழுத்தில் பதிலும் அனுப்புங்கள். மறுபடியும் "முழு சிக்னல்" என்றே வந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிப்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இதே அளவுகளை வைத்து முறையிடுவேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், வில்லாபுரம், மதுரை