விளக்குக்கு மேல எவ்வளவு இடம் விட்டீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க தீபாவளி மலர்ல பூஜை அலமாரி அலங்காரம்னு ஒரு படம் போட்டிருந்தீங்க, பார்க்க ரொம்ப அழகா இருந்துச்சு, ஆனா என் கண்ணு நேரா ஒரு இடத்துக்குத்தான் போச்சு. வரிசையா அகல் விளக்கு, அதுக்கு மேல ஒரு சாண்கூட இருக்காது, ஆரஞ்சு கலர் காகித மாலை தொங்குது. போன வருஷம் எங்க வீட்லயும் கிட்டத்தட்ட இதே அலங்காரம்தான், அதனாலதான் இந்தக் கடிதம். கார்த்திகை வேற வரப்போகுது.

நாங்க சிங்கப்பூர்ல, ஈசூன்ல எட்டாவது மாடி. சாமி அலமாரி ஹால்ல ஜன்னல் பக்கம் இருக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் என் மருமக தேக்காவுல வாங்கின காகித மாலையை கர்ட்டன் கம்பியில ஒரு முனை, அலமாரி உச்சியில ஒரு முனைன்னு வளைச்சு செலோடேப் போட்டு ஒட்டிட்டா. நான் அப்பவே "கர்ட்டன் விளக்குப் பக்கத்துல இருக்கேம்மா"ன்னு கேட்டேன், "இல்லத்தே, ரெண்டடி தள்ளித்தான் இருக்கு, பாருங்க"ன்னா. பார்த்தேன், தள்ளித்தான் இருந்துச்சு. ஆனா அப்ப ஜன்னல் சாத்தியிருந்துச்சு, அதை ரெண்டு பேருமே யோசிக்கல.

சாயங்காலம் குத்துவிளக்குல அஞ்சு திரியும் ஏத்தினோம், புழுக்கமா இருக்குன்னு ஜன்னலைத் திறந்தோம். இந்த மாசங்கள்ல நம்ம ஊர்ல மழைக்கு முன்னாடி திடீர்னு ஒரு காத்து வருமே, அது வந்துச்சு. கர்ட்டன் கப்பல் பாய் மாதிரி உப்பி ஹாலுக்குள்ள வந்து மாலையை இழுத்துச்சு. அலமாரிப் பக்கத்து டேப் ஏற்கனவே விளக்குச் சூட்டுல இளகியிருக்கணும், பட்டுன்னு விட்டுடுச்சு. மாலை தொங்கினது சுடருக்குப் பக்கத்துல இல்ல, சுடருக்கு நேர் மேல, ஒரு சாண் உயரத்துல. சுடர் அதைத் தொடவே இல்லன்னு நான் சத்தியம் பண்ணுவேன். முதல்ல பழுப்பாச்சு, சுருண்டுச்சு, அப்புறம் குப்புன்னு பத்திக்கிச்சு. அங்கேருந்து கர்ட்டனுக்குப் போக ரெண்டு மூணு செகண்ட்தான் ஆயிருக்கும்.

என் வீட்டுக்காரர் கர்ட்டனைக் கம்பியோட பிடுங்கித் தரையில போட்டு, குளியலறை வாளித் தண்ணியை ஊத்தி அணைச்சார். அவர் செஞ்சது சரின்னு நான் சொல்லல, தீ அப்ப முழங்கால் உயரம்தான் இருந்துச்சு, அதனால முடிஞ்சுச்சு. சீலிங் வரைக்கும் ஏறியிருந்தா எல்லாரும் வெளிய வந்து கதவைச் சாத்திட்டு 995க்கு அடிக்கிறதைத் தவிர வேற வழி இல்ல. பிடுங்கும்போது உருகின துணி ஒரு சொட்டு அவர் புறங்கையில விழுந்து அப்படியே ஒட்டிக்கிச்சு. நல்லவேளை யாரும் அதைப் பிய்க்கல, பிய்ச்சா தோலும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் கையைக் காட்டிட்டு கிளினிக் போனோம். இன்னும் அந்தத் தழும்பு துவரம்பருப்பு சைஸ்ல இருக்கு. தரை வினைல்ல கருப்புக் கருப்பா மணி மாதிரி உருகி ஒட்டினது சுரண்டியும் போகல.

மறுநாள் அவர் டேப் எடுத்து அளந்தார் (ரிட்டயர் ஆகிட்டார், அளக்க ஏதாச்சும் கிடைச்சா போதும்). ஜன்னல் சாத்தினா கர்ட்டனுக்கும் விளக்குக்கும் 55 சென்டிமீட்டர். மெழுகுவத்திக்கு எந்தப் பக்கமும் 30 சென்டிமீட்டர் விடுங்கன்னு சொல்ற கணக்குப்படி பார்த்தா நாங்க பாஸ். ஆனா கர்ட்டனோட கீழ் ஓரத்தைப் பிடிச்சுக் காத்து தூக்குற மாதிரி தூக்கிப் பார்த்தா விளக்கைத் தாண்டியே போகுது. அதனால துணி தொங்குற இடத்துல இருந்து அளக்கிறது வீண், அது காத்துல எவ்வளவு தூரம் வரும்னு அளக்கணும். மேல உள்ள இடம் அதைவிட முக்கியம். ஒத்தைத் திரி ஏத்தி உள்ளங்கையைச் சுடருக்குப் பக்கவாட்டுல ஒரு சாண் தள்ளி வைங்க, ஒண்ணும் தெரியாது. அதே ஒரு சாண் மேல மெதுவா கொண்டு போங்க, கை தானா பின்னாடி வந்துடும். சூடு பூரா மேலதான் ஏறுது. அஞ்சு திரின்னா அஞ்சு சூடும் மேல ஒண்ணா சேருது. மெழுகுவத்திக்கு மேல ஒரு மீட்டர் காலியா இருக்கணும்னு பிரிட்டன் தீயணைப்புக்காரங்க சொல்றாங்க. நம்ம வீட்டு சாமி அலமாரி எத்தனைல மேல் தட்டுக்கும் விளக்குக்கும் ஒரு மீட்டர் இருக்கு? மேல் தட்டோட அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு கரி இருந்தா பரவாயில்ல, தொடச்சுடலாம். பலகையே பழுப்பாகி, வார்னிஷ் வெடிச்சிருந்தா அது மெதுவா வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம், பாலியஸ்டர் கர்ட்டன் பத்திக்காதுன்னு ஒரு நம்பிக்கை நிறைய பேருக்கு இருக்கு, கடைக்காரர் லைட்டர் காட்டி நிரூபிச்சார்னுகூட சொல்வாங்க. மிச்சத் துணியில விரல் அகலத்துக்கு வெட்டி, எங்க வீட்டுக்காரர் சிங்க்ல, பக்கத்துல வாளித் தண்ணி வச்சுக்கிட்டு, இடுக்கியில பிடிச்சுப் பார்த்தார். கடைக்காரர் சொன்னது பாதி நிஜம்தான், வெறும் பாலியஸ்டர் சூடு பட்டதும் சுருங்கி ஓடுது, 250, 260 டிகிரி பக்கம் உருகிச் சொட்டிடுது, சொட்டும்போதே நெருப்பும் அதோட போயிடுது, சில நேரம் தானா அணையுது. ஆனா எங்க கர்ட்டனுக்குப் பின்னாடி பருத்தி லைனிங் வச்சுத் தைச்சிருந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா கதையே வேற. பருத்தி உருகாது, கரியா அப்படியே நிக்கும், உருகின பாலியஸ்டர் சொட்டாம அதுலயே ஊறி எரியுது, அதாவது நம்ம விளக்குல எண்ணெயும் திரியும் மாதிரியேதான். பருத்தி கலந்த பாலியஸ்டர் துணியும் இப்படித்தான். புடவை முந்தானை, ஷால் எல்லாம் கவனிங்க, விளக்கேத்தக் குனியும்போது இடுப்புல செருகிக்கோங்க.

இப்ப எங்க வீட்ல ஒரே ஒரு நிஜ விளக்கு, அதுவும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல, பித்தளைத் தட்டுல. மத்ததெல்லாம் பேட்டரி விளக்கு. மருமகளுக்கு முதல்ல முகம் சுருங்குச்சு, அப்புறம் சரின்னுட்டா. புகை அலாரமும் மாட்டியாச்சு. 2018 ஜூன்ல இருந்து புது வீடுகளுக்கு அது கட்டாயம், எங்களுது பழைய வீடு, அதனால இல்லாம இருந்துச்சு. சாம்பிராணி போட்டா கத்துதுன்னு பேட்டரியைக் கழட்டி வைக்கிறவங்களை எனக்கே தெரியும், நாங்க அலாரத்தை அலமாரியை விட்டுத் தள்ளி மாட்டினோம், கத்தல் குறைஞ்சுச்சு.

கார்த்திகை மலர்ல அலமாரி படம் போடுறதா இருந்தா, விளக்குக்கு மேல தொங்குறதை எல்லாம் எடுத்துட்டு ஒரு படம் எடுத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு ஈசூன் வாசகி