மூன்று கேட்சுக்குப் பூஜ்யம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை சேலம் பதிப்பில் எங்கள் 20 ஓவர் போட்டிக்கு ஐந்து வரி ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. அதில் ஒரு வரி, கவரில் நின்ற பையன் "முக்கியமான கேட்சைக் கோட்டை விட்டான்", லாங் ஆனில் நின்றவர் "மூன்று கேட்ச் பிடித்து அசத்தினார்" என்கிறது. உங்கள் நிருபரை மைதானத்தில் யாரும் பார்க்கவில்லை.

நான் பத்தொன்பது வருடமாக ஸ்கோர் எழுதுகிறவன். ஃபீல்டிங்குக்குத் தனி நோட்டு உண்டு. அன்றைய பக்கத்தைச் சொல்கிறேன்.

பதினெட்டாவது ஓவர். பையன் பத்தடி ஓடிப் பாய்ந்தான். பந்து விரல் நுனியில் பட்டு விழுந்தது. அந்த மாதிரிப் பந்தை எங்கள் பையன்கள் நாலில் ஒன்றுதான் பிடிப்பார்கள். ஆடியவர் ஒன்பதாவது ஆள், இன்னும் எட்டு ரன் அடிப்பார் என்று வைத்தால், பையன் தலையில் விழ வேண்டியது அதில் கால் பங்கு, இரண்டே ரன். தொடாமல் விட்டிருந்தால் பவுண்டரி. ஒரு ரன்தான் போனது, மூன்று மிச்சம். சும்மா நின்றிருந்தால் அவன் பெயரே உங்கள் பேப்பரில் வந்திருக்காது!

லாங் ஆன்காரர் பிடித்த மூன்றும் கைக்கு நேராக வந்தவை, பத்தில் ஒன்பது பிடிக்கிற பந்து. ஆளுக்கு இருபது ரன் அடிக்கக்கூடியவர்கள் என்று தாராளமாகப் போட்டாலும், அவருக்குச் சேர வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்கு, மொத்தம் ஆறு ரன். இரண்டடி தள்ளிப்போன இரண்டு பந்தை வேடிக்கை பார்த்து, ஒரு ரன் போக வேண்டிய இடத்தில் நாலு நாலாக விட்டார். அதிலும் ஆறு. ஆக, பூஜ்யம்.

நாலில் ஒன்று, பத்தில் ஒன்பது எல்லாம் என் கண் மதிப்புதான். ஆனால் அடுத்த பந்து போடுவதற்குள் எழுதிவிடுவேன். ஆட்டம் முடிந்தபின் யோசித்தால் தவறிய கேட்செல்லாம் சுலபமாகத்தான் தெரியும்.

1990-லும் உங்கள் பேப்பர் இதைத்தான் செய்தது. லார்ட்ஸில் இங்கிலாந்தின் கூச் 36-ல் இருந்தபோது நம் விக்கெட் கீப்பர் கிரண் மோரே கேட்சை விட்டார். கூச் 333 அடித்தார். மீதி 297-ஐயும் மோரே கணக்கில் எழுதினீர்கள். கூச்சின் டெஸ்ட் சராசரி 42 சொச்சம். மோரேக்குப் போட வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான். மிச்சத்துக்குப் பந்து போட்டவர்கள் பொறுப்பில்லையா? அப்போது எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. ஏற்காடு பஸ் நேரம் பற்றி எழுதியதைப் போட்டீர்கள், நேரத்தை மட்டும் வெட்டிவிட்டு.

சரி, போகட்டும். பையன் இரண்டு நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. "பத்தடி ஓடிப் பாய்ந்தும் கேட்ச் தவறியது, பவுண்டரி தடுக்கப்பட்டது" என்று ஒரு வரி போட்டால் போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், பழக்கம்தானே.

இப்படிக்கு,
ஒரு ஸ்கோரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.