பொருள்: 'புதிய வரவு' பக்கத்தில் ஆப் மூடிக்கொள்வது – மூன்றாவது கடிதம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். மூன்று வாரத்தில் ஆறு முறை போன், இரண்டு மின்னஞ்சல். ஒன்றுக்கும் உருப்படியான பதில் இல்லை.

போன அப்டேட்டுக்குப் பிறகு 'புதிய வரவு' பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனால், இருபதாவது சேலைப் படம் வருகிற இடத்தில் ஆப் பட்டென்று மூடிக்கொள்கிறது. தங்கையின் புதுப் போனில் நன்றாக ஓடுகிறது. என் ஆண்ட்ராய்டு 7 போனில்தான் இந்தக் கூத்து.

"வாரத்துக்கு அம்பது சேலை விக்கிறீங்க, ஒரு போன் வாங்க முடியாதா?" என்று கேட்டுச் சிரித்தார் உங்கள் ஊழியர். அழைப்பு பதிவாகிறது என்று உங்கள் குரல்தானே முதலில் சொல்கிறது, எடுத்துக் கேளுங்கள். போன் உழைக்கிறது ஐயா, உங்கள் ஆப்தான் படுத்துக்கொள்கிறது. இதற்காகத் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறிக் கோவை அலுவலகத்துக்கே வந்தேன். "ஆப் விஷயமெல்லாம் ஆன்லைன்லதான்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வியாபாரம் போச்சு. தீபாவளி வியாபாரமே போச்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன் போனைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தான். மூடும்போதெல்லாம் இதே வரிதான்:

```
java.lang.OutOfMemoryError: Failed to allocate a 12000012 byte allocation
```

கட்டைவிரல் அளவுக் கட்டத்தில் காட்டும் படத்துக்கு 2000க்கு 1500 புள்ளி கொண்ட முழுப் படத்தையே இறக்குகிறீர்களாம். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் படம் ஒன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் பைட். கோப்பு சின்னதாக இருந்தாலும் விரித்த பிறகு இவ்வளவு இடம் பிடிக்குமாம். என் போன் ஓர் ஆப்புக்கு விடுவது 256 எம்பி நினைவகம். மேலே போன படங்களையும் நீங்கள் கைவிடுவதில்லை, இருபது சேர்ந்தால் நிரம்பிவிடுகிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் படங்களை இந்த வரம்புக்கு வெளியே வைப்பதால் புதுப் போன்கள் தப்பிக்கின்றன என்கிறான். ஆப்பிலேயே 'படம் வேண்டாம்' என்று வைத்துப் பார்த்தோம், 200 வரிசை தாண்டியும் ஆப் மூடிக்கொள்ளவில்லை. இது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

கட்டத்துக்கு 300க்கு 300 புள்ளிப் படம் அனுப்பினால் போதுமே, நாலு லட்சம் பைட்டுக்குள் முடிந்துவிடும். திரையை விட்டுப் போன படத்தை விடுவித்துவிடுங்கள். அது முடியும்வரை பழைய பதிப்பையாவது கொடுங்கள். தயவுசெய்து பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் 1915க்கு அழைத்துப் புகார் கொடுப்பேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பேசிக்கொள்ளலாம்.

'ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்' என்று மட்டும் இன்னொரு முறை சொல்லாதீர்கள். நாலு தடவை செய்தாகிவிட்டது.

இப்படிக்கு,
திண்டுக்கல் வாடிக்கையாளர்